பட்டையை நீக்கிவிட்டுப் புள்ளியை வையுங்கள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு அட்டவணையில் 35 பெயர்கள் இருக்கின்றன. அன்றைக்கு இருந்த 28 மாநிலங்கள், 7 யூனியன் பிரதேசங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை அந்த எண் சொல்கிறது. பட்டியலின் உச்சியில் 94.0 உடன் கேரளம் நிற்கிறது, அடியில் 61.8 உடன் பீகார் நிற்கிறது. இதைப் படமாகக் காட்ட வேண்டுமென்றால் பெரும்பாலானோர் கை தானாகவே பட்டை வரைபடத்துக்குப் போகும். கணினியும் ஒரே சொடுக்கில் 35 தூண்களை நிறுத்திக் கொடுத்துவிடும்.

அந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீழே 'அருணாசலப் பிரதேசம்', 'அந்தமான் நிக்கோபார் தீவுகள்', 'தாத்ரா நகர் ஹவேலி' போன்ற பெயர்கள் தூணின் அகலத்துக்குள் அடங்காமல் சாய்ந்தோ செங்குத்தாகவோ நிற்கும். படிப்பவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் மென்பொருளே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களை விழுங்கிவிடும். பாதி மாநிலங்கள் பெயரில்லாமல் நிற்கும். பெயருக்கு மேலே தடித்த வண்ணத் தூண்கள் வேலி போட்டாற்போல் வரிசையாக நிற்க, அவற்றின் உச்சிகள் மட்டும் லேசாக ஏறி இறங்கும். நாம் தேடி வந்த செய்தி அந்த உச்சிகளில் மட்டுமே இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தெளிவான விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் புள்ளியியலாளராக இருந்த வில்லியம் கிளீவ்லண்ட் 1984-இல் 'தி அமெரிக்கன் ஸ்டாடிஸ்டிஷியன்' இதழில் எழுதிய கட்டுரையில் புள்ளி வரைபடம் என்ற வடிவத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் கிராஃபிங் டேட்டா' நூல் அதை விரிவாக விளக்கியது. பள்ளிப் பாடத்தில் எண்கோட்டின் மேல் புள்ளிகளை அடுக்கி வரையும் படம் ஒன்று உண்டு. அது வேறு. இங்கே நாம் பேசுவது பெயருக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு புள்ளி என்று அமையும் படம்.

படத்தின் அமைப்பு

இடது ஓரத்தில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, புத்தகத்தில் படிப்பதுபோலக் கிடைவாட்டில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயரிலிருந்தும் வலப்பக்கமாக ஒரு மெல்லிய புள்ளிக்கோடு போகும். அதன்மேல் மதிப்பு எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கருத்த வட்டம். படத்தின் அடியில் அளவுகோல். அவ்வளவுதான் படம்.

கதவு நிலையில் குழந்தையின் உயரத்தைக் குறித்து வைக்கும்போது தலை உச்சிக்கு நேராக ஒரு கோடு போடுகிறோமே தவிர, குழந்தையின் முழு உருவத்தையும் வரைவதில்லை. புள்ளி வரைபடம் செய்வதும் அதுதான். பட்டையின் நுனியை வைத்துக்கொண்டு உடலை நீக்கிவிடுகிறது.

அந்த உடல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 விழுக்காட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று அளவு வைத்துப் பட்டைகளைப் படுக்கையாக வரைவோம். பீகாரின் பட்டை ஏறத்தாழ 62 மில்லிமீட்டர். மற்ற 34 பட்டைகளும் அந்த 62 மில்லிமீட்டரைத் தாண்டித்தான் முடிகின்றன. அதாவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான, எந்த வேறுபாட்டையும் காட்டாத பகுதி மட்டும் 35 முறை வரையப்படுகிறது. அவற்றை நீளவாட்டில் ஒட்டவைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். மாநிலங்களுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும் வலப்பக்கத்து 32 மில்லிமீட்டருக்குள் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது.

பூச்சியத்திலிருந்து விடுதலை

அப்படியானால் பட்டைகளையே 60-இலிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அங்கேதான் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது. பட்டையில் மதிப்பைச் சொல்வது அதன் நீளம். 60-இல் தொடங்கினால் பீகாரின் பட்டைக்கு மிஞ்சுவது 1.8 அலகு, கேரளத்தின் பட்டைக்கு 34 அலகு. ஒன்றைவிட மற்றொன்று பத்தொன்பது மடங்கு நீளம். உண்மையில் கேரளத்தின் எழுத்தறிவு பீகாரைப் போல ஒன்றரை மடங்குதான். எண்கள் சரியாக இருந்தும் கண் தவறான செய்தியை எடுத்துக்கொள்கிறது. அதனால் பட்டை வரைபடம் பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது மீறக்கூடாத விதி.

புள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புள்ளிக்கு நீளம் கிடையாது, இடம் மட்டுமே உண்டு. அளவுகோலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அதன் மதிப்பு. எனவே அளவுகோலை 60 முதல் 95 வரை வைத்துக்கொள்ளலாம். அதே பத்து சென்டிமீட்டர் அகலத்தில் இப்போது ஒரு விழுக்காட்டுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கிடைக்கிறது. இமாச்சலப் பிரதேசம் 82.8, மகாராஷ்டிரம் 82.3. முன்பு அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றுபோலத் தெரிந்த இந்த இரண்டும் இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விலகி நிற்கும். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணால் சொல்லிவிடலாம்.

இந்தச் சுதந்திரத்தோடு ஒரு நிபந்தனையும் வருகிறது. கிளீவ்லண்ட் அதைக் கவனமாக வகுத்தார். அளவுகோல் பூச்சியத்தில் தொடங்கினால் புள்ளிக்கோடு வட்டத்தோடு நின்றுவிடலாம். அப்போது கோட்டின் நீளமும் உண்மையைத்தான் சொல்லும். அளவுகோல் வேறு எண்ணில் தொடங்கினால் கோடு வட்டத்தைத் தாண்டிப் படத்தின் வலது ஓரம் வரை ஓட வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே நீளமாக இருந்தால் கண் நீளத்தை ஒப்பிடப் போகாது, வட்டத்தின் இடத்தை மட்டும் பார்க்கும். அந்தக் கோடும் வெளிர் நிறத்தில், பெயரிலிருந்து புள்ளிக்குக் கண்ணை வழிநடத்தும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும்.

இன்று செய்தித் தளங்களில் தடித்த கோட்டின் நுனியில் வட்டம் வைத்த 'லாலிபாப்' படங்களை அடிக்கடி பார்க்கிறோம். அவற்றைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கோடு வட்டத்தோடு முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்து அளவுகோலின் தொடக்க எண்ணைப் பாருங்கள். அது பூச்சியம் இல்லையென்றால், அது புள்ளி வரைபடம் போல உடுத்திக்கொண்ட வெட்டுப்பட்ட பட்டை வரைபடம்தான். பட்டைக்கு உரிய அதே பிழை அதிலும் இருக்கிறது.

கண் எதை நன்றாக அளக்கிறது

கிளீவ்லண்டும் அவருடன் பணியாற்றிய ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, படங்களைப் படிக்கும் கண்ணின் திறமையைச் சோதனைகளால் அளந்தது. பலருக்குப் படங்களைக் காட்டி, சிறியது பெரியதில் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே அளவுகோலின்மேல் உள்ள இடங்களை ஒப்பிடும்போதுதான் பிழை மிகக் குறைவாக இருந்தது. பொது அடிக்கோடு இல்லாத நீளங்களை ஒப்பிடும்போது பிழை கூடியது. வட்ட விளக்கப்படத்தில் உள்ளதுபோல் கோணங்களை ஒப்பிடும்போதும் கூடியது.

இதை வைத்து, பட்டையைவிடப் புள்ளியைக் கண் துல்லியமாகப் படிக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே அடிக்கோட்டிலிருந்து கிளம்பும் எளிய பட்டைகளையும் கண் அவற்றின் நுனி இருக்கும் இடத்தை வைத்தே ஒப்பிடுகிறது. ஐந்தாறு பட்டைகள் மட்டும் இருந்தால் இரண்டு படங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெயர்கள் பெருகும்போதும், ஒரு பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் வரும்போதும்தான் பட்டை திணறுகிறது, புள்ளி தாங்குகிறது.

வரிசை மாறினால் படம் பேசும்

புள்ளி வைப்பதால் மட்டும் படம் தெளிந்துவிடாது. எந்த வரிசையில் பெயர்களை அடுக்குகிறோம் என்பது பாதி வேலை. அகர வரிசையில் வைத்துப் பாருங்கள். அசாம் 72.2, அந்தமான் 86.6, அருணாசலப் பிரதேசம் 65.4, ஆந்திரம் 67.0. புள்ளிகள் வலமும் இடமுமாகத் தாவுகின்றன. ஒரு மாநிலத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க இந்த வரிசை உதவும். மாநிலங்களை ஒப்பிட உதவாது.

மதிப்பின் வரிசையில், பெரியது மேலே வரும்படி அடுக்கினால் 35 புள்ளிகளும் மேல் வலதிலிருந்து கீழ் இடது நோக்கி ஒரு வளைகோடாக இறங்கும். இப்போது நாம் பார்க்க வேண்டியது அந்த வளைவின் படிகளையும் இடைவெளிகளையும். கேரளம் 94.0-இல் தனியே நிற்கிறது. லட்சத்தீவும் மிசோரமும் 91-ஐ ஒட்டி அடுத்தடுத்து வருகின்றன. கோவாவுக்குக் கீழே திரிபுரா, டாமன் டையூ, அந்தமான், டெல்லி, சண்டிகர், புதுச்சேரி ஆகிய ஆறும் 87.2-க்கும் 85.8-க்கும் இடையே, ஏறத்தாழச் செங்குத்தாக ஒரு கொத்தாக நிற்கின்றன. பிறகு சட்டென்று மூன்று புள்ளி இறக்கம். அதற்குக் கீழே இமாச்சலம் தொடங்கி ஒரு புதிய படி. தமிழ்நாடு 80.1 உடன் பதினான்காவது வரியில் இருக்கிறது.

அடியிலும் இப்படியொரு கொத்து உண்டு. உத்தரப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், ஆந்திரம், ஜார்க்கண்ட், ராஜஸ்தான், அருணாசலப் பிரதேசம் ஆகிய ஆறும் 67.7-க்கும் 65.4-க்கும் இடையே அடங்கிவிடுகின்றன. இவற்றில் யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்று தரவரிசை எண்ணை வைத்துச் சண்டை போடுவதில் பொருள் இல்லை என்பதைப் படமே காட்டிவிடுகிறது. பீகார் மட்டும் அந்தக் கொத்திலிருந்து மூன்றரைப் புள்ளி விலகி நிற்கிறது. தரவரிசைப் பட்டியலில் 34-க்கும் 35-க்கும் உள்ள தூரமும், 30-க்கும் 31-க்கும் உள்ள தூரமும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளி வரைபடத்தில் தூரம் தூரமாகவே தெரிகிறது.

ஒரே வரியில் இரண்டு புள்ளிகள்

புள்ளியின் உண்மையான வலிமை அடுத்த படியில் வெளிப்படுகிறது. ஆண்களின் எழுத்தறிவையும் பெண்களின் எழுத்தறிவையும் தனித்தனியே காட்ட வேண்டும். பட்டை என்றால் மாநிலத்துக்கு இரண்டு வீதம் எழுபது பட்டைகள். நீலமும் சிவப்பும் மாறி மாறி வர, பெண்களை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரு நீலத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும். படத்தின் உயரமும் இரட்டிப்பாகும்.

புள்ளி என்றால் வரிகள் கூடுவதே இல்லை. அதே 35 வரிகள். ஆண்களுக்கு ஒரு வெற்று வட்டம், பெண்களுக்கு ஒரு நிரப்பிய வட்டம், இரண்டையும் இணைக்கும் ஒரு கோடு. அளவுகோல் 50 முதல் 100 வரை. இப்போது ஒரே பார்வையில் மூன்று செய்திகள் கிடைக்கின்றன: ஆண்களின் நிலை, பெண்களின் நிலை, இருவருக்கும் இடையேயான இடைவெளி. அந்த இடைவெளியைக் கழித்துக் கணக்கிட வேண்டியதில்லை. இணைக்கும் கோட்டின் நீளமாக அது கண்முன் கிடக்கிறது. இந்தக் கோடு உண்மையான ஓர் அளவைச் சொல்வதால் அளவுகோல் எங்கே தொடங்கினாலும் அதன் நீளம் பொய்யாகாது.

மூன்று மாநிலங்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மொத்த எழுத்தறிவில் ஆந்திரம் 67.0, ராஜஸ்தான் 66.1. ஒற்றைப் புள்ளிப் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஆண்கள் 74.9, பெண்கள் 59.1. ராஜஸ்தானில் ஆண்கள் 79.2, பெண்கள் 52.1. ஆந்திரத்தின் கோடு 16 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. ராஜஸ்தானின் கோடு 27 புள்ளி, நாட்டிலேயே மிக நீளமானது. ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு மாநிலங்களும் உண்மையில் வேறு வேறு நிலையில் இருக்கின்றன. ராஜஸ்தானில் ஆண்கள் ஆந்திரத்து ஆண்களைவிட முன்னால், பெண்கள் ஆந்திரத்துப் பெண்களைவிட ஏழு புள்ளி பின்னால்.

இப்போது பீகாரின் வரியைப் பாருங்கள். ஆண்கள் 71.2, பெண்கள் 51.5. மொத்தக் கணக்கில் ராஜஸ்தான் பீகாரைவிட நான்கு புள்ளிக்கு மேல் முன்னே நின்றது. ஆனால் பெண்களின் நிரப்பிய வட்டங்கள் இரண்டும் 52-ஐ ஒட்டி ஏறத்தாழ நேருக்கு நேராக நிற்கின்றன. ராஜஸ்தானின் முன்னேற்றம் என்று நாம் பார்த்தது பெரும்பாலும் அதன் ஆண்களின் முன்னேற்றம். மொத்தப் புள்ளி மறைத்து வைத்திருந்த செய்தி இது. எழுபது பட்டைகளுக்குள் இதைத் தேடிப் பிடிப்பது கடினம். புள்ளி வரைபடத்தில் ராஜஸ்தானின் நீண்ட கோடே முதலில் கண்ணில் படும்.

மறுமுனையில் மேகாலயம் இருக்கிறது. ஆண்கள் 76.0, பெண்கள் 72.9. மூன்று புள்ளி இடைவெளி. ஆண்கள் 96.1, பெண்கள் 92.1 என்று எல்லாவற்றிலும் முன் நிற்கும் கேரளத்தின் இடைவெளியைவிட இது குறைவு. நடுத்தர எழுத்தறிவு உள்ள ஒரு மாநிலத்தில் சமத்துவம் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதை அந்தக் குட்டைக் கோடு காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஆண்கள் 86.8, பெண்கள் 73.4. அதாவது நம் மாநிலத்துப் பெண்களின் வட்டமும் மேகாலயத்துப் பெண்களின் வட்டமும் அருகருகே நிற்கின்றன.

இரண்டு புள்ளிகள் வந்ததும் வரிசை பற்றிய கேள்வி மறுபடி எழும். மொத்த மதிப்பா, பெண்களின் மதிப்பா, இடைவெளியா, எதை வைத்து அடுக்குவது? கட்டுரை எதைப் பற்றிப் பேசுகிறதோ அதை வைத்து அடுக்க வேண்டும். பெண் கல்வியைப் பற்றி எழுதுகிறவர் பெண்களின் புள்ளியை வைத்து அடுக்கலாம். ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதுகிறவர் இடைவெளியை வைத்து அடுக்கலாம். எந்த வரிசை என்பதைத் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

பார்லி வயலில் தெரிந்த முரண்

இப்படிப்பட்ட படம் எதைக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்குப் புள்ளியியல் வரலாற்றில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்து வகை பார்லியை ஆறு இடங்களில் பயிரிட்டு விளைச்சலை அளந்தார்கள். ஆறு இடம், பத்து வகை, இரண்டு ஆண்டு என்று மொத்தம் 120 எண்கள். 1934-இல் வெளியான இந்தத் தரவு பிறகு பல புள்ளியியலாளர்களின் கைகளில் புழங்கியது. ரொனால்ட் ஃபிஷரும் தம் நூலில் அதை எடுத்தாண்டார்.

கிளீவ்லண்ட் அதைப் புள்ளி வரைபடமாக்கினார். இடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் பத்து வரிகள், வரிக்கு இரண்டு குறிகள். ஆறு கட்டங்களுக்கும் ஒரே அளவுகோல். ஐந்து இடங்களில் 1931-இன் விளைச்சல் 1932-ஐவிட மொத்தத்தில் கூடுதலாக இருந்தது. மாரிஸ் என்ற ஆறாவது இடத்தில் மட்டும் அது தலைகீழாக இருந்தது. அந்தக் கட்டத்தில் குறிகள் இடம் மாறி நின்றன. மாரிஸில் இரண்டு ஆண்டுகளின் எண்களும் தவறுதலாக இடம் மாறிவிட்டன என்று கிளீவ்லண்ட் 1993-இல் வெளிவந்த 'விஷுவலைசிங் டேட்டா' நூலில் வாதிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 2013-இல் கெவின் ரைட் என்ற புள்ளியியலாளர் அதே வயல்களின் வேறு ஆண்டுகளின் விளைச்சலையும் வானிலைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தார். ஓர் இடம் மற்ற இடங்களுக்கு எதிராகப் போவது அந்த வட்டாரத்தில் அரிதல்ல என்றும், எண்கள் மாறிவிட்டன என்று கொள்ள வேண்டியதில்லை என்றும் அவர் காட்டினார். படம் ஒரு முரணைக் கண்முன் நிறுத்தும். அது பிழையா இயற்கையா என்று முடிவு செய்ய வேறு சான்றுகள் வேண்டும். ராஜஸ்தானின் நீண்ட கோட்டுக்கும் இது பொருந்தும். கோடு நீளமாக இருக்கிறது என்பதைப் படம் சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்ல அதனால் முடியாது.

மிகப் பெரியதும் மிகச் சிறியதும்

பட்டையால் அறவே செய்ய முடியாத ஒரு வேலையும் புள்ளிக்கு முடியும். அதே கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 கோடி, லட்சத்தீவின் மக்கள்தொகை 64 ஆயிரம். மூவாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. உத்தரப் பிரதேசத்தின் பட்டையைப் பத்து சென்டிமீட்டர் நீளமாக வரைந்தால், ஆறு லட்சம் பேர் வாழும் சிக்கிமுக்கு 0.3 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். லட்சத்தீவின் பட்டை அச்சிலேயே தெரியாது.

இதற்கு மடக்கை அளவுகோல் உதவும். அதில் ஒவ்வொரு சம தூரமும் பத்து மடங்கைக் குறிக்கும்: பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி, பத்துக் கோடி. ஆனால் பத்தால் வகுத்துக்கொண்டே போனால் பூச்சியம் வராது. எனவே மடக்கை அளவுகோலில் பூச்சியத்துக்கு இடமே இல்லை, பட்டை எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதற்கும் பொருள் இல்லை. இடத்தை மட்டும் நம்பும் புள்ளிக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. லட்சத்தீவும் உத்தரப் பிரதேசமும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் வித்தியாசத்தை அல்ல, மடங்கைக் காட்டுகிறது என்பதை மட்டும் அளவுகோலின் அருகே எழுதிவிட வேண்டும்.

வரைவது எப்படி

ஆர் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. சில மாநிலங்களை மட்டும் வைத்து:

```r
x <- c("கேரளம்" = 94.0, "தமிழ்நாடு" = 80.1,
       "ஆந்திரம்" = 67.0, "ராஜஸ்தான்" = 66.1,
       "பீகார்" = 61.8)
dotchart(sort(x), xlim = c(60, 95), pch = 19)
```

`sort` மதிப்பின்படி அடுக்குகிறது. இந்தக் கட்டளை கீழிருந்து மேலாக வரைவதால் பெரிய மதிப்பு உச்சிக்குப் போய்விடும். `xlim` அளவுகோலின் இரு முனைகளைத் தருகிறது. புள்ளிக்கோடுகளைப் படத்தின் முழு அகலத்துக்கும் அதுவே போட்டுவிடுகிறது, கிளீவ்லண்ட் சொன்னபடியே.

நிரல் எழுதாதவர்களுக்கு டேட்டாராப்பர் என்ற இணையக் கருவியில் இந்த வடிவம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. எக்ஸெலில் நேரடியாக இல்லை. படுக்கைப் பட்டைகளைப் பெயர்களுக்காக வைத்துக்கொண்டு, அவற்றின் நிறத்தை நீக்கி, மேலே சிதறல் வரைபடமாகப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். சற்றுச் சுற்றுவழிதான், ஆனால் ஒருமுறை செய்து வைத்தால் எண்களை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

கருவி எதுவானாலும் சில இடங்களில் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் இதழில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். எனவே வண்ணத்தை மட்டும் நம்பாமல் நிரப்பிய வட்டம், வெற்று வட்டம் என்று வடிவத்திலேயே வேறுபடுத்துவது நல்லது. மதிப்புகள் நெருங்கும்போது வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மேகாலயத்தின் மூன்று புள்ளி இடைவெளி கைப்பேசித் திரையில் மறைந்துவிடக்கூடும். அதனால் வட்டத்தைச் சிறிதாக்கி, சிறிய திரையிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரு வரியில் மூன்று குறிகளுக்கு மேல் வைத்தால் எது எது என்ற குழப்பம் வந்துவிடும்.

பட்டைக்கும் இடம் உண்டு

மூன்று நான்கு பெயர்கள், சிறிய சொற்கள், பூச்சியத்திலிருந்து கிளம்பும் அளவு என்றால் பட்டையே போதும். ஓர் ஊருக்குக் கிடைத்த நிதி இன்னோர் ஊருக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்கு என்று காட்ட வேண்டுமானால் பட்டைதான் சிறந்தது. அங்கே நீளமே செய்தி. அளவின் பருமனை உடலோடு காட்டுவதில் புள்ளி பின்தங்கும். 60-இல் தொடங்கும் புள்ளி வரைபடத்தை அவசரமாகப் பார்ப்பவர், இடது ஓரத்தில் நிற்கும் பீகாரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே இல்லை என்று நினைத்துவிடவும் கூடும். அளவுகோலின் தொடக்க எண்ணைப் பெரிதாக எழுதி, முதலும் கடைசியுமான புள்ளிகளின் அருகே மதிப்பை அச்சிட்டால் அந்த ஆபத்து குறையும்.

எனவே கையில் இருக்கும் அட்டவணையிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பெயர்கள் பத்துக்கு மேல் இருக்கின்றனவா, அல்லது பட்டையின் அகலத்துக்குள் அடங்காத அளவுக்கு நீளமா? வேறுபாடுகள் பூச்சியத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு குறுகிய பகுதிக்குள் நடக்கின்றனவா? ஒரு பெயருக்கு இரண்டு எண்கள் இருந்து, அவற்றுக்கு இடையேயான தூரம்தான் சொல்ல வேண்டிய செய்தியா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் புள்ளி வரைபடத்தை முயன்று பார்க்கலாம். மூன்றுக்கும் ஆம் என்றால், மாநில எழுத்தறிவு அட்டவணையைப் போல, பட்டை வரைபடம் அந்தச் செய்தியை மறைத்துவிடும்.